டிரிட்டியம் சிதையும்போது அதன் எலெக்ட்ரான் அடிநிலையிலேயே தங்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரிட்டியத்தின் கரு சிதைந்து ஹீலியம் கருவாகிவிட்டது. ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த எலெக்ட்ரானுக்கு என்ன ஆகும்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நூறு சிதைவுகளில் சுமார் எழுபதில் அது புதிய அயனியின் அடிநிலையில் இருக்கும். இருபத்தைந்தில் 2s என்ற கிளர்வு நிலையில் இருக்கும். ஏறக்குறைய இரண்டில் இன்னும் மேலான கிளர்வு நிலைகளில் இருக்கும். எஞ்சிய இரண்டு மூன்றில் அணுவை விட்டே வெளியேறிவிடும்.

அடிநிலைக்குரிய எண்ணைத் துல்லியமாகவே எழுதலாம்: 512/729, அதாவது 0.702. இயற்பியலில் உண்மையாக நிகழும் ஒரு சம்பவத்துக்கு இப்படி ஒரு முழுப் பின்னம் விடையாகக் கிடைப்பது அரிது. அது எங்கிருந்து வருகிறது, எந்த எல்லை வரை அதை நம்பலாம் என்பதைத்தான் கீழே உள்ள பதில்கள் சொல்கின்றன. இங்கே பேசப்படுவது தனித்த டிரிட்டியம் அணு. மூலக்கூறின் கதை வேறு. அது கடைசியில் வருகிறது.

முதலில் சிதைவையே ஒருமுறை சொல்லிவிடுங்கள். எத்தனை எலெக்ட்ரான்கள் இந்தக் கதையில் இருக்கின்றன?

இரண்டு. குழப்பத்தில் பாதி இவற்றை ஒன்றாக நினைப்பதால் வருகிறது.

டிரிட்டியம் என்பது ஒரு புரோட்டானும் இரண்டு நியூட்ரான்களும் கொண்ட ஹைட்ரஜன். அதன் அரை ஆயுட்காலம் 12.3 ஆண்டுகள். கருவில் உள்ள ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும்போது ஓர் எலெக்ட்ரானும் ஓர் எதிர் நியூட்ரினோவும் பிறந்து வெளியே பாய்கின்றன. இப்படிப் பிறக்கும் எலெக்ட்ரானைப் பீட்டா என்றே அழைப்போம். சிதைவில் வெளிப்படும் ஆற்றல் 18.6 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். அதைப் பீட்டாவும் எதிர் நியூட்ரினோவும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விகிதத்தில் பங்கிட்டுக்கொள்கின்றன; பீட்டாவுக்குச் சராசரியாக 5.7 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கிடைக்கிறது.

மற்றொன்று, அணுவில் முன்பிருந்தே இருந்த எலெக்ட்ரான். சிதைவில் அதற்கு நேரடிப் பங்கு எதுவும் இல்லை. அது பிணைந்திருந்த கருவின் மின்னூட்டம் மட்டும் 1-லிருந்து 2 ஆகிவிட்டது. நம் கேள்வி இந்தப் பழைய எலெக்ட்ரானைப் பற்றியது.

‘திடீர் மாற்றம்’ என்கிறார்கள். எவ்வளவு வேகமாக இருந்தால் திடீர்?

கருவுக்குள் நியூட்ரான் புரோட்டானாவது எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பலர் தேடுகிறார்கள். அணு எலெக்ட்ரானைப் பொறுத்தவரை அது முக்கியமே அல்ல. கரு 2 ஆன பின்பும், பீட்டா அணுவின் உட்பகுதியில் இருக்கும் வரை வெளியே இருப்பவருக்கு மொத்த மின்னூட்டம் 2−1, அதாவது 1-ஆகத்தான் தெரியும். பீட்டா தன்னைத் தாண்டி வெளியே போன பிறகுதான் அணு எலெக்ட்ரான் 2-ஐ உணர்கிறது. ஆகவே பார்க்க வேண்டிய நேரம், பீட்டா அணுவின் ஆரத்தைக் கடக்கும் நேரம்.

5.7 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள பீட்டாவின் வேகம் ஒளியின் வேகத்தில் சுமார் 15 சதவீதம், நொடிக்கு 4.4 கோடி மீட்டர். போர் ஆரம் 0.53 ஆங்ஸ்ட்ராம். அதைக் கடக்க 1.2 × 10⁻¹⁸ நொடி போதும். ஹைட்ரஜனில் எலெக்ட்ரானின் இயல்பான வேகம் நொடிக்கு 22 லட்சம் மீட்டர். அதே தூரத்தை அது கடக்க 2.4 × 10⁻¹⁷ நொடி வேண்டும். பீட்டா இருபது மடங்கு வேகமாகப் போய்விடுகிறது. எலெக்ட்ரான் தன் பாதையில் சற்றே நகர்வதற்குள் கருவின் மின்னூட்டம் இரட்டித்து முடிந்துவிட்டது. திடீர் என்பதன் பொருள் இவ்வளவுதான்.

நேர்மாறான நிலையையும் எண்ணிப் பாருங்கள். கருவின் மின்னூட்டம் 1-லிருந்து 2 ஆக மெல்ல மெல்ல, எலெக்ட்ரானின் ஆயிரக்கணக்கான சுற்றுகளுக்கு ஈடான காலத்தில் வளர்ந்திருந்தால், எலெக்ட்ரான் ஒவ்வொரு கணமும் புதிய அடிநிலைக்குத் தன்னைப் பொருத்திக்கொண்டே வந்திருக்கும். அப்போது நிகழ்தகவு 1. எழுபது சதவீதம் என்பது வேகத்தின் விளைவு.

மின்னூட்டமே மாறிவிட்ட பிறகும் எலெக்ட்ரானின் அலைச்சார்பு மாறவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஷ்ரோடிங்கர் சமன்பாடு அலைச்சார்பு எவ்வளவு மாறும் என்று சொல்லவில்லை. எந்த வீதத்தில் மாறும் என்று சொல்கிறது. விசை எவ்வளவு கூடினாலும், அது முடிவிலியாக இல்லாத வரை, வீதமும் ஓர் அளவுக்குள்தான் இருக்கும். நேரம் மிகக் குறைவு என்றால் மாற்றமும் மிகக் குறைவு.

எண்ணாகப் பார்க்கலாம். மின்னூட்டம் ஒன்று கூடுவதால் நிலை ஆற்றலில் வரும் மாற்றம் 27 எலெக்ட்ரான் வோல்ட் அளவில் இருக்கும். அதைக் கடக்கும் நேரத்தால் பெருக்கி, சுருக்கப் பிளாங்க் மாறிலியான 6.6 × 10⁻¹⁶ எலெக்ட்ரான் வோல்ட்-நொடியால் வகுத்தால் 0.05 கிடைக்கிறது. அலைச்சார்பில் ஏற்படக்கூடிய மாற்றத்தின் அளவு அது. நிகழ்தகவில் அதன் இருமடிதான் தோன்றும் என்பதால் பிழை கால் சதவீத அளவில் நின்றுவிடுகிறது.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டுகிறேன். மாணவர்கள் “எலெக்ட்ரான் 70 சதவீதம் தங்குகிறது, 30 சதவீதம் தாவுகிறது” என்று சொல்லும்போது, சிதைந்த கணத்தில் எலெக்ட்ரான் ஏதோ ஒரு முடிவெடுத்தது போன்ற படம் மனத்தில் விழுகிறது. அந்தக் கணத்தில் எலெக்ட்ரான் எதையும் செய்யவில்லை. அதன் அலைச்சார்பு சிதைவுக்கு முன் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. மாறியது, எந்த வடிவங்களை ‘நிலை’ என்று அழைக்கிறோம் என்பது. டிரிட்டியத்தில் நிலையான வடிவமாக இருந்த அதே மேகம், ஹீலியம் அயனியில் பல நிலைகளின் கலவை. அந்தக் கலவையில் அடிநிலையின் பங்கு எவ்வளவு என்பதுதான் நாம் கணக்கிடுவது.

கணக்கை முழுமையாகப் போட்டுக் காட்ட முடியுமா?

முடியும், அரைப் பக்கம்கூட வராது. தூரத்தைப் போர் ஆரத்தின் மடங்காக அளப்போம். சிதைவுக்கு முன் உள்ள அலைச்சார்பும், ஹீலியம் அயனியின் அடிநிலையும் இவை:

```
ψ(r) = (1/√π) · e^(−r)        Z = 1
φ(r) = √(8/π) · e^(−2r)       Z = 2
```

இரண்டும் ஒரே குடும்ப வடிவங்கள். இரண்டாவது பாதி அளவுக்குச் சுருங்கியது, மையத்தில் உயரமானது. இவை ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு பொருந்துகின்றன என்று காண, இரண்டையும் பெருக்கி வெளி முழுவதும் தொகையிட வேண்டும். கோணங்களைச் சார்ந்து எதுவும் இல்லாததால் அவை 4π என்ற காரணியைத் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன.

```
A = 4π · (√8/π) · ∫ r² e^(−3r) dr     (0 முதல் ∞ வரை)
∫ r² e^(−3r) dr = 2/27
A = 8√8/27 = 16√2/27 ≈ 0.838
P = A² = 512/729 ≈ 0.702
```

இவ்வளவுதான். 27 என்பது 1+2-இன் மும்மடி. இரண்டு அடுக்குக்குறிகளும் கூடி e^(−3r) ஆனதும் அந்த மூன்று உள்ளே வந்துவிட்டது. 512 என்பது 8-இன் மும்மடி, 729 என்பது 9-இன் மும்மடி. ஆகவே விடையை (8/9)³ என்றும் எழுதலாம். இந்த வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மற்ற தனிமங்களுக்குப் போகும்போது உதவும்.

இந்தக் கணக்கில் வழக்கமாக எங்கே தவறு நேர்கிறது?

விடைத்தாள்களில் நான் பார்த்தவற்றில் மூன்று திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, 0.838-லேயே நின்றுவிடுவது. அது வீச்சு, நிகழ்தகவு அதன் இருமடி. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: 2s நிலைக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். வீச்சு −0.5 என்று வரும். எதிர்க்குறியுள்ள ஒன்று நிகழ்தகவாக இருக்க முடியாது என்பது அங்கே பளிச்சென்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, தொகையீட்டில் r²-ஐ விட்டுவிடுவது. அப்படிச் செய்தால் A-இன் மதிப்பு 1-ஐத் தாண்டிவிடும். உடனே சந்தேகம் வர வேண்டும்.

மூன்றாவதுதான் ஆழமான தவறு. கிளர்வு நிலைகளுக்கான பங்கைக் கேட்டால், சிலர் ஹைட்ரஜனின் 2s வடிவத்தை எடுத்துக்கொண்டு கணக்கிடுகிறார்கள். விடை சுழி வரும். ஒரே அணுவின் இரு வேறு நிலைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை என்பதால் சுழிதான் வரும். இந்தப் பிழையைச் செய்பவர் கரு மாறியதையே மறந்துவிட்டார் என்று பொருள். இறுதி நிலைகள் அனைத்தும் Z = 2-க்குரியவையாக இருக்க வேண்டும்.

மீதி 30 சதவீதம் எங்கே போகிறது?

பெரும்பகுதி 2s-இல். ஹீலியம் அயனியின் 2s வடிவத்தை எழுதினால் (1/√π)(1−r)e^(−r) என்று அழகாகச் சுருங்குகிறது. அதன் அடுக்குக்குறி டிரிட்டியம் எலெக்ட்ரானின் அடுக்குக்குறியேதான். அளவில் இரண்டும் நெருங்கியவை. தொகையிட்டால் வீச்சு சரியாக −1/2, நிகழ்தகவு சரியாக 1/4.

3s-க்கு 1.3 சதவீதம். அதற்கு மேல் உள்ள பிணைந்த நிலைகள் அனைத்தையும் சேர்த்தாலும் ஒரு சதவீதத்தை எட்டாது. எல்லாவற்றையும் கூட்டினால் பிணைந்தே இருக்கும் வாய்ப்பு 97.4 சதவீதம். விடுபட்டுப்போகும் வாய்ப்பு 2.6 சதவீதம்.

2s-ஐப் பற்றி ஒரு செய்தி. அங்கிருந்து எலெக்ட்ரான் ஒரே ஒளித்துகளை வெளியிட்டு 1s-க்கு இறங்க முடியாது. இரண்டை ஒன்றாக வெளியிட வேண்டியிருக்கிறது. அதனால் தனித்துவிடப்பட்ட ஹீலியம் அயனி 2s-இல் சராசரியாக 1.9 மில்லி நொடி காத்திருக்கிறது. 10⁻¹⁸ நொடியில் முடிந்த நிகழ்வின் சுவடு, நான்கில் ஓர் அயனியில் அவ்வளவு நேரம் நிற்கிறது.

2p நிலைக்கு ஏன் போவதில்லை? ஆற்றல் 2s-க்குச் சமம்தானே?

ஆற்றல் தடையில்லை, வடிவம் தடை. கருவின் மின்னூட்டம் கூடியது எல்லாத் திசைகளிலும் ஒரே மாதிரியான மாற்றம். கோள வடிவில் இருந்த மேகத்தை அது ஒரு பக்கமாகச் சாய்க்க முடியாது. 1s-இன் கோண உந்தம் சுழி; மாற்றத்துக்குப் பின்னும் சுழியே. ஆகவே s நிலைகள் மட்டும்.

அடிநிலையில் இருந்த எலெக்ட்ரான் கிளர்வு நிலைக்குப் போக ஆற்றலை யார் கொடுத்தது?

பீட்டாவும் எதிர் நியூட்ரினோவும் பகிர்ந்துகொண்ட ஆற்றலிலிருந்துதான் அது கழிகிறது. அயனி 2s-இல் பிறந்தால், அந்த இரண்டுக்கும் சேர்த்துக் கிடைப்பது 40.8 எலெக்ட்ரான் வோல்ட் குறைவு. 18,600-இல் 41 என்பது சிறு தொகை. ஆனாலும் கணக்கு நேராகிவிடுகிறது.

சராசரியையும் எளிதில் காணலாம். டிரிட்டியத்தில் எலெக்ட்ரானின் மொத்த ஆற்றல் −13.6 எலெக்ட்ரான் வோல்ட். அதில் நிலை ஆற்றல் −27.2, இயக்க ஆற்றல் +13.6. கருவின் மின்னூட்டம் இரட்டித்ததும் நிலை ஆற்றல் −54.4 ஆகிறது, மேகம் நகரவே இல்லை என்பதால் இயக்க ஆற்றல் அதே 13.6. மொத்தம் −40.8. ஹீலியம் அயனியின் அடிநிலை −54.4. எனவே புதிய அயனி சராசரியாக 13.6 எலெக்ட்ரான் வோல்ட் மிகுதியோடு பிறக்கிறது. சரிபார்க்க: 2s-இன் பங்கு மட்டும் 0.25 × 40.8 = 10.2. நான்கில் மூன்று பங்கு அங்கேயே கிடைத்துவிட்டது; மீதி மேல் நிலைகளிலிருந்தும் விடுபட்ட எலெக்ட்ரான்களிலிருந்தும் வருகிறது.

−40.8 என்ற சராசரியும், 1s-க்கும் 2s-க்கும் இடையிலுள்ள 40.8 என்ற இடைவெளியும் ஒரே எண்ணாக அமைந்தது தற்செயல். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பழைய போர் மாதிரியை வைத்தே இதைப் புரிந்துகொள்ள முடியாதா?

பாதி தூரம் போகலாம், அந்தப் பாதி பயனுள்ளது. போர் ஆரத்தில் வட்டமாகச் சுற்றும் எலெக்ட்ரானின் கருவை இரட்டித்துப் பாருங்கள். இடமும் வேகமும் அப்படியே இருக்க, இழுவிசை மட்டும் இரண்டு மடங்கு. வட்டத்தில் நிற்க அந்த வேகம் இனிப் போதாது. எலெக்ட்ரான் உள்நோக்கி விழுந்து நீள்வட்டப் பாதையைப் பிடிக்கும். மிக அதிகத் தொலைவு பழைய ஆரம். மிகக் குறைந்த தொலைவு அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆற்றல் அதே −40.8. புதிய கருவுக்கு உரிய இறுக்கமான வட்டத்தில் எலெக்ட்ரான் ஏன் போய் உட்காரவில்லை என்பதை இந்தப் படம் நன்றாகக் காட்டுகிறது.

ஆனால் இதே படம் ஓரிடத்தில் அடியோடு தோற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான். பழைய இயற்பியலில், −13.6 ஆற்றலுடன் சுற்றும் எலெக்ட்ரான் எந்தப் பாதையில் எந்த இடத்தில் இருந்தாலும், இழுவிசை கூடும்போது அதன் ஆற்றல் குறையத்தான் முடியும். சிதைவுக்குப் பின் அது −13.6-க்குக் கீழேதான் இருந்தாக வேண்டும். ஹீலியம் அயனியின் இரண்டாம் நிலையின் ஆற்றல் சரியாக −13.6. அப்படியானால் மூன்றாம் நிலையோ அதற்கு மேலோ போவதும், அணுவை விட்டு ஓடுவதும் நடக்கவே கூடாது. இழுவிசை கூடியதால் ஓர் எலெக்ட்ரான் விடுதலை பெறுவது என்பது பழைய கணக்கில் முரண்.

குவாண்டம் கணக்கில் 1s-க்கும் 2s-க்கும் போனது போக 1 − 512/729 − 1/4, அதாவது 4.8 சதவீதம் மிஞ்சுகிறது. நூற்றில் ஐந்து சிதைவுகளில் பழைய இயற்பியல் தடுத்த ஒன்று நடக்கிறது. காரணம், புதிய கருவைப் பொறுத்து எலெக்ட்ரானுக்கு இப்போது ஒரு குறிப்பிட்ட ஆற்றலே கிடையாது. −40.8 அதன் சராசரி மட்டுமே. அதைச் சுற்றி ஒரு பரவல் இருக்கிறது. அந்தப் பரவலின் மேல் நுனி சுழியைத் தாண்டிச் செல்கிறது.

கரு பின்னுதைத்து நகர்கிறதே, அது எலெக்ட்ரானை உதறிவிடாதா?

டிரிட்டியத்தில் இது பொருட்படுத்தத் தக்கதல்ல. பீட்டா முழு ஆற்றலோடு போனாலும் ஹீலியம் கருவுக்குக் கிடைக்கும் இயக்க ஆற்றல் 3.4 எலெக்ட்ரான் வோல்ட்தான். வேகம் நொடிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். எலெக்ட்ரானின் வேகம் அதைப் போல 150 மடங்கு. பின்னுதைப்பால் நிகழ்தகவில் வரும் திருத்தம் இந்த விகிதத்தின் இருமடி அளவில், அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும்.

பீட்டாவே மெதுவாகப் புறப்பட்டால்?

அப்போது இந்த முறை உடைகிறது. பீட்டாவுக்கு எந்த ஆற்றல் வேண்டுமானாலும் கிடைக்கலாம். மிகச் சில சிதைவுகளில் அது சில பத்து எலெக்ட்ரான் வோல்ட்டோடு மட்டுமே கிளம்புகிறது. அதன் வேகம் அணு எலெக்ட்ரானின் வேகத்தை ஒத்திருக்கும். கடக்கும் நேரம் குறைவு என்ற அடிப்படையே போய்விடுகிறது. எலெக்ட்ரானுக்கு ஓரளவு ஒத்துப்போக அவகாசம் கிடைக்கிறது. கூடவே இன்னொரு சிக்கல்: இரண்டும் எலெக்ட்ரான்கள், ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய வழியில்லை. எது பிறந்தது, எது முன்பே இருந்தது என்ற கேள்விக்கே பொருள் இல்லாமல் போகும். பீட்டா வேகமாக இருக்கும்போது இந்த இடமாற்ற விளைவு சிறிது, மெதுவாகும்போது வளர்கிறது. 512/729 என்பது மொத்தச் சிதைவுகளுக்கும் நல்ல எண். மிகக் குறைந்த ஆற்றலுள்ள பீட்டாக்களை மட்டும் தனியே பிரித்தெடுத்து அதைப் பொருத்தக் கூடாது.

இதெல்லாம் தாளில் சரி. சோதனையில் யாராவது சரிபார்த்திருக்கிறார்களா?

ஒற்றை எலெக்ட்ரான் மட்டுமே உள்ள அமைப்பில் செய்த சோதனைதான் இதற்கு உண்மையான உரைகல். பல எலெக்ட்ரான்கள் இருந்தால் அவற்றின் ஒன்றோடொன்றான தள்ளுவிசை கணக்கைக் கலக்கிவிடும். அப்படியொரு சோதனை பிரான்சின் கான் நகரிலுள்ள ‘கனில்’ முடுக்கி மையத்தில் நடந்து, 2012-இல் வெளியானது.

அவர்கள் எடுத்துக்கொண்டது ஹீலியம்-6. அரை ஆயுட்காலம் 0.8 நொடி. ஓர் எலெக்ட்ரான் மட்டும் உள்ள ஹீலியம்-6 அயனிகளை மின்புலப் பொறியில் பிடித்து நிறுத்தினார்கள். கரு லித்தியமாக மாறுகிறது; மின்னூட்டம் 2-லிருந்து 3 ஆகிறது. எலெக்ட்ரான் தங்கினால் இருமடி மின்னூட்டமுள்ள லித்தியம் அயனி. விடுபட்டால் மும்மடி மின்னூட்டமுள்ள வெற்றுக் கரு. பின்னுதைத்து வரும் அயனி உணர்கருவியை அடைய எடுக்கும் நேரத்தைக் கொண்டு இரண்டையும் பிரித்தார்கள். எலெக்ட்ரான் விடுபட்ட வாய்ப்பு 2.339 சதவீதம் என்று அளந்தார்கள். பிழை எல்லை 0.036. திடீர் மாற்றக் கணக்கு சொன்னது 2.322.

இங்கே பின்னுதைப்பு 1.4 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை போகிறது, டிரிட்டியத்தைப் போல ஒதுக்கிவிட முடியாது. கோட்பாட்டில் அதையும் சேர்த்துக்கொண்டார்கள். பீட்டாவோ இங்கே பெரும்பாலும் ஒளிவேகத்துக்கு அருகில் போகிறது. ஆகவே ‘திடீர்’ என்ற நிபந்தனை டிரிட்டியத்தைவிட நன்றாகவே நிறைவேறுகிறது.

கார்பன்-14 போன்ற கனமான அணுக்களில் இந்த எண் என்னவாகும்?

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன (8/9)³ இங்கே பயன்படுகிறது. மின்னூட்டம் Z-லிருந்து Z+1 ஆகும்போது, ஒற்றை 1s எலெக்ட்ரானுக்கு அதே தொகையீடு தரும் விடை:

```
P = [1 − 1/(2Z+1)²]³
```

Z = 1 என்றால் (8/9)³. Z = 2 என்றால் (24/25)³ = 0.885, மேலே சொன்ன ஹீலியம்-6 அயனியில் எலெக்ட்ரான் அடிநிலையில் தங்கும் வாய்ப்பு ஏறக்குறைய இதுதான். கார்பனுக்கு Z = 6; (168/169)³ = 0.982. ஸ்ட்ரான்ஷியம்-90-க்கு, Z = 38, இது 0.9995. கருவின் மின்னூட்டம் பெரிதாக இருக்கும்போது ஒன்று கூடுவது சிறு சலனம். உள்கூட்டு எலெக்ட்ரான் அதை அரிதாகவே உணர்கிறது.

கார்பனில் இதைப் பயன்படுத்தும்போது கவனம் தேவை. அங்கே 1s-இல் இரண்டு எலெக்ட்ரான்கள் உள்ளன, 2s ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. பாலியின் தவிர்ப்பு விதி 2s-க்கான வழியை அடைத்துவிடுகிறது. டிரிட்டியத்தில் அடிநிலையை விட்டுப் போனவற்றில் பெரும்பகுதி 2s-க்குத்தான் போனது என்பதை நினைத்துப் பாருங்கள். எனவே 1 − 0.982-ஐ அப்படியே உள்கூட்டில் வெற்றிடம் தோன்றும் வாய்ப்பாக எடுத்துக்கொண்டால் மிகையாகிவிடும். கனமான அணுக்களுக்கான இந்தக் கணக்கை 1941-இலேயே சோவியத் ஒன்றியத்தில் மிக்டாலும் ஃபைன்பெர்க்கும் தனித்தனியே செய்திருந்தார்கள்.

இந்த எழுபது சதவீதத்தைத் தெரிந்துகொள்வதால் யாருக்கு என்ன வேலை?

நியூட்ரினோவின் நிறையை அளப்பவர்களுக்கு இது அன்றாட வேலை. டிரிட்டியத்தின் பீட்டா நிறமாலை அதன் மேல் எல்லையில் எப்படி முடிகிறது என்பதைக் கூர்ந்து பார்த்தால் நியூட்ரினோவின் நிறை தெரியும். ஆனால் அயனி 2s-இல் பிறந்த சிதைவுகளின் நிறமாலை 40.8 எலெக்ட்ரான் வோல்ட் முன்னதாகவே முடிந்துவிடுகிறது. அளக்கப்படும் வளைவு, வெவ்வேறு இடங்களில் முடியும் பல வளைவுகளின் கூட்டு. ஒவ்வொன்றின் எடையும் தெரியாவிட்டால், அணுவின் கிளர்வால் வந்த வளைவை நியூட்ரினோவின் நிறை என்று படித்துவிட நேரும்.

1980-இல் மாஸ்கோவில் ஒரு குழு, நியூட்ரினோவின் நிறை 14-க்கும் 46-க்கும் இடைப்பட்ட எலெக்ட்ரான் வோல்ட் என்று அறிவித்தது. அவர்கள் பயன்படுத்திய டிரிட்டியம் வேலின் என்ற அமினோ அமிலத்துக்குள் இருந்தது. அத்தனை பெரிய மூலக்கூறில் இறுதி நிலைகளின் எடைகளை நம்பிக்கையோடு கணக்கிடுவது கடினம். விவாதம் பெரிதும் அதைச் சுற்றியே நடந்தது. பிறகு சூரிக்கிலும் லாஸ் அலமோஸிலும் செய்த அளவீடுகள் அந்த முடிவை மறுத்தன.

இன்று ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் இயங்கும் ‘காட்ரின்’ சோதனை டிரிட்டியத்தை வாயு மூலக்கூறாகவே, இரண்டு அணுக்கள் சேர்ந்த வடிவில் பயன்படுத்துகிறது. அங்கே ஒரு கரு சிதைந்தால் மிஞ்சுவது ஹீலியமும் டிரிட்டியமும் சேர்ந்த மூலக்கூறு அயனி. பங்கேற்பது இரண்டு எலெக்ட்ரான்கள். கையால் போடக்கூடிய தொகையீடு அங்கே இல்லை. கணினியில் நீண்ட கணக்கு வேண்டும். எலெக்ட்ரான்கள் அடிநிலையில் தங்கும் வாய்ப்பு 70-லிருந்து 57 சதவீதமாகக் குறைகிறது. அந்த 57-க்குள்ளும் மூலக்கூறின் சுழற்சியும் அதிர்வும் ஆற்றலைச் சற்றே பரப்பிவிடுகின்றன. ‘காட்ரின்’ பகுத்தாராயும் பகுதி நிறமாலையின் கடைசி 40 எலெக்ட்ரான் வோல்ட். 2025-இல் அது வெளியிட்ட மேல் வரம்பு 0.45 எலெக்ட்ரான் வோல்ட். அந்த வரம்பை எட்டப் பொருத்திய ஒவ்வொரு வளைவிலும், மேகம் அசையாமல் இருக்கக் கரு மட்டும் மாறியது என்ற இதே கணக்கு மூலக்கூறுக்காக விரித்தெழுதப்பட்டு உள்ளே இருக்கிறது.